மனுவைக் கொடுக்கும் முன் மூன்று முறை படியுங்கள்

கீழே இருப்பது ஒரு மனுவின் முதல் வரைவு. இந்தக் கட்டுரைக்காக அமைத்த மாதிரிதான். ஆனால் குழாயில் கெட்ட தண்ணீர் வந்து நொந்துபோன எந்தத் தெருவிலும் கோபம் ஆறுவதற்குள் எழுதப்படும் மனு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“ஐயா, எங்கள் தெருவில் பல மாதமாக குடிதண்ணீரில் சாக்கடை கலந்து நாறுகிறது. பலமுறை சொல்லியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. அதிகாரிகள் தூங்குகிறார்களா? குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. நேற்றுகூட ஒரு பையனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தெருவிளக்கும் எரியவில்லை. ரோடும் சரியில்லை. ஏழைகளாகிய எங்கள் மேல் கருணை கூர்ந்து உடனே ஆவண செய்யவும். இல்லாவிட்டால் மறியல் செய்வோம். இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்.”

இதில் சொல்லப்பட்ட துன்பம் உண்மையானது. ஆனால் இந்தத் தாளை வைத்துக்கொண்டு குழாய் சரிசெய்பவர் கிளம்ப முடியாது. எந்தத் தெரு, எந்த வீட்டருகே, எப்போதிலிருந்து, யாரிடம் பதில் சொல்வது என்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் இதில் விடை இல்லை.

பேரூராட்சி அலுவலகத்தில் மனு என்ன ஆகிறது என்று பார்த்தால் குறை எங்கே இருக்கிறது என்பது விளங்கும். மனு முதலில் தபால் பிரிவுக்கு வருகிறது. தேதி முத்திரை விழுகிறது. செயல் அலுவலர் பார்த்துச் சுருக்கொப்பம் இட்டு, உரிய பிரிவுக்கு அனுப்புகிறார். பதிவேட்டில் யாரிடமிருந்து வந்தது, எந்த நாளிட்டது, எதைப் பற்றியது என்று ஓரிரு வரி ஏறுகிறது. பிறகு பிரிவு எழுத்தர் அதைப் படித்து, களப்பணியாளரைப் போய்ப் பார்க்கச் சொல்லிக் குறிப்பு எழுதுகிறார். ஆக, மனுவை முழுதாகப் படிப்பவர் ஒருவர் அல்லது இருவர். அவர்களுக்கு உங்கள் தெருவைத் தெரியாமல் இருக்கலாம். தாளில் உள்ளதைத் தவிர வேறெதுவும் அவர்கள் கையில் இல்லை.

மனுவைத் திருத்துகிறவர் அந்த எழுத்தரின் நாற்காலியில் தன்னை உட்கார்த்திக்கொண்டு படிக்க வேண்டும். ஒரே வாசிப்பில் எல்லாப் பிழையும் கண்ணில் படாது. விளித்தலுக்கு ஒரு முறை, விவரங்களுக்கு ஒரு முறை, முடிப்புக்கு ஒரு முறை என்று தனித்தனியாகப் படிப்பது நல்லது.

முதல் வாசிப்பு: யாருக்கு, எப்படி

முதலில் பார்க்க வேண்டியது பெறுநர் பகுதி. பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். நகராட்சி, மாநகராட்சி என்றால் ஆணையர். கிராம ஊராட்சி என்றால் ஊராட்சித் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்டவர் பதவியில் இல்லாத காலத்தில் தனி அலுவலர். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருவர் இருப்பார்கள். ஒருவர் வட்டார ஊராட்சியைப் பார்ப்பவர், மற்றவர் கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவர். கிராமத்துக் குழாய், தெருவிளக்கு பற்றிய மனுவில் “வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்)” என்று அடைப்புக்குறியோடு எழுதினால் மனு மேசை மாறி அலையாது.

பெயரைவிடப் பதவியைக் குறிப்பதே பாதுகாப்பு. அலுவலர் மாற்றலாகிப் போயிருக்கலாம். பெயரின் முதலெழுத்து தவறிப்போனாலும் படிப்பவருக்கு உறுத்தும். “உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்” என்று எழுதி, அடுத்த வரிகளில் பேரூராட்சியின் பெயரும் ஊரும் வட்டமும் மாவட்டமும் தந்தால் போதும். “மாண்புமிகு” என்பது அமைச்சர்களுக்கும் அவர்களைப் போன்ற பதவியில் இருப்பவர்களுக்கும் வழங்கும் அடைமொழி. அதைச் செயல் அலுவலருக்குச் சூட்டினால் மரியாதை கூடிவிடாது. எழுதியவருக்கு வழக்கம் தெரியவில்லை என்றுதான் தெரியும்.

அடுத்தது விளி. பள்ளியில் கற்ற கடித மாதிரியில் “ஐயா” என்றே இருந்ததால் பலரும் பெண் அலுவலருக்கும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். பெண் என்றால் “மதிப்பிற்குரிய அம்மையீர்”. கேட்க வழியில்லை என்றால் “ஐயா / அம்மையீர்” என்று இரண்டையும் எழுதலாம், தவறில்லை.

மரியாதை விளியோடு நின்றுவிடக் கூடாது. “தாங்கள்” என்று தொடங்கி நடுவில் “நீங்கள்” என்று இறங்கி, கடைசியில் “செய்யவும்” என்று கட்டளையாக முடியும் மனுக்கள் நிறைய. ஒரே நிலையில் நிறுத்துங்கள்: தாங்கள், தங்கள், கேட்டுக்கொள்கிறோம். எழுதுபவரின் நிலையும் அப்படித்தான். “நான்” என்று தொடங்கினால் முடிவு வரை நான்; கூட்டு மனு என்றால் முடிவு வரை நாங்கள்.

நம் வரைவில் மரியாதை இரண்டு பக்கமும் தடுமாறுகிறது. “அதிகாரிகள் தூங்குகிறார்களா?” என்பது ஒரு பக்கம். அந்த வரி இருந்தால், படிப்பவர் மனம் குழாயை விட்டுவிட்டு அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் தேடத் தொடங்கும். “ஏழைகளாகிய எங்கள் மேல் கருணை கூர்ந்து” என்பது மறுபக்கம். வீட்டு இணைப்புக்குக் கட்டணம் செலுத்துகிறவர்கள் நல்ல தண்ணீர் கேட்பது கருணை மனு அல்ல. இரண்டையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குடிநீர் இணைப்பு எண்ணை எழுதினால் போதும். கேட்கும் உரிமையை அந்த எண் அமைதியாகச் சொல்லிவிடும். மறியல் பற்றிய வரியும் போக வேண்டியதுதான். போராடுவது மக்களின் முடிவு. அதற்கு வேறு இடம் உண்டு. பழுது நீக்கக் கேட்கும் தாளில் அதற்கு வேலை இல்லை.

இரண்டாம் வாசிப்பு: கண்டது எது, கருதுவது எது

இந்த வாசிப்புக்குத்தான் நேரம் அதிகம் வேண்டும். பொருள் வரியிலிருந்து தொடங்குவோம். பதிவேட்டில் ஏறப்போவது பெரும்பாலும் அந்த வரிதான். “குடிநீர் பிரச்சினை தொடர்பாக” என்று எழுதினால் அதே தலைப்பில் பத்து மனுக்கள் இருக்கும். “7-வது வார்டு, பிள்ளையார் கோயில் தெரு – குடிநீர்க் குழாயில் கலங்கலான, துர்நாற்றமுள்ள நீர் வருவது – பழுது நீக்கக் கோருதல்” என்று இடமும் சிக்கலும் கோரிக்கையும் சேர்ந்து நின்றால், அது ஒன்றே எழுத்தருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

பொருள் வரியை இப்படி எழுதியதும் இன்னொன்று புலப்படும். தெருவிளக்குக்கும் ரோட்டுக்கும் அதில் இடமில்லை. ஆம், அவற்றுக்குத் தனி மனு வேண்டும். தண்ணீரைப் பார்ப்பவர் ஒருவர், விளக்கைப் பார்ப்பவர் வேறொருவர். மூன்று குறைகளை ஒரே தாளில் எழுதினால், விளக்கு மாட்டியவுடன் “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று மனு முடிக்கப்படலாம். தண்ணீர் அப்படியே நாறிக்கொண்டிருக்கும்.

இப்போது உடல் பகுதி. ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் விரலை வைத்து, “இதை யார் பார்த்தது? எப்போது?” என்று கேளுங்கள்.

“குடிதண்ணீரில் சாக்கடை கலந்து” என்பது பார்த்ததல்ல, முடிவு. பார்த்தது என்ன? தண்ணீர் திறந்துவிட்ட முதல் பத்து நிமிடம் கலங்கலாகவும் நாற்றத்தோடும் வருகிறது, பிறகு தெளிகிறது. இந்த விவரம் சிறியதாகத் தோன்றலாம். குழாய் வேலை தெரிந்தவருக்கு இது பெரிய துப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடும் ஊரில், தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. எங்காவது விரிசலோ தளர்ந்த இணைப்போ இருந்து, சுற்றிலும் கழிவுநீர் தேங்கியிருந்தால் அது உள்ளே புகுந்துவிடும். அடுத்த முறை திறக்கும்போது அதுதான் முதலில் வெளியே வரும். தொட்டியிலேயே தண்ணீர் கெட்டிருந்தால், முதல் சில நிமிடத்துக்கு மட்டும் நாறிவிட்டுத் தெளிவது வழக்கமல்ல. ஆகவே “முதல் பத்து நிமிடம்” என்று எழுதினால், தேட வேண்டிய இடம் தெருக் குழாய் என்பது களப்பணியாளருக்கு மனுவிலேயே தெரிந்துவிடும். உங்கள் ஊகத்தையும் எழுதலாம். ஆனால் ஊகம் என்று தெரியும்படி, கண்டதற்குப் பின்னால் எழுதுங்கள்: “13-ஆம் எண் வீட்டருகே குழாய் கழிவுநீர்க் கால்வாயைக் கடந்து செல்கிறது. அங்கே கசிவு இருக்கலாம் என்று கருதுகிறோம்.”

“பல மாதமாக” என்பதற்கு நாள் வேண்டும். தெருவில் விசாரித்தபோது, முதலில் நாற்றம் வந்தது ஜூன் இரண்டாம் வாரம் என்று தெரிந்ததாக வைத்துக்கொள்வோம். வரைவில் ஒருவர் “10.6.2025 திங்கட்கிழமை” என்று எழுதிவிட்டார். நாட்காட்டியைப் பார்த்தால் 10-ஆம் தேதி செவ்வாய். எது சரி? தெருவுக்குத் தண்ணீர் வரும் நாட்களை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அந்த மாதம் ஒற்றைப்படைத் தேதிகளில்தான் தண்ணீர் வந்திருக்கிறது. எனவே 9.6.2025 திங்கட்கிழமைதான் சரி. நாளையும் கிழமையையும் சேர்த்தே எழுதச் சொல்வது இதற்காகத்தான். ஒன்றில் பிழை இருந்தால் மற்றது காட்டிக்கொடுக்கும். தண்ணீர் திறக்கும் பணியாளரிடம் வரும் முதல் கேள்வியே “அன்றைக்கு அந்தத் தெருவுக்கு முறை உண்டா?” என்பதாக இருக்கும். இல்லாத முறையில் தண்ணீர் நாறியது என்று எழுதியிருந்தால் மனு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

எண்ணிக்கையிலும் இதே கவனம் வேண்டும். “9 முதல் 16 வரை 7 வீடுகள்” என்று எழுதத் தோன்றும், பதினாறில் ஒன்பது போக ஏழு என்ற கணக்கில். முதல் வீட்டையும் கடைசி வீட்டையும் சேர்த்து விரல்விட்டு எண்ணினால் எட்டு. இடையில் எண்ணே இல்லாத வீடும், ஒரே எண்ணில் இரண்டு குடும்பமும் இருக்கலாம். தெருவில் ஒரு நடை நடந்து பார்ப்பதே சரி.

“எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு” என்பதை அலுவலர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. ஒரு வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலே வாக்கியம் பொய்யாகிவிடும். மூன்று வீடுகளில் மூவருக்கு என்றால் மூவர் என்றே எழுதுங்கள். கதவு எண், தேதி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெற்ற வெளிநோயாளர் சீட்டின் நகல் ஆகியவை இருந்தால் மூவர் என்ற சொல் “எல்லோரும்” என்பதைவிடக் கனமானது. நோயுற்ற குழந்தையின் பெயர் வேண்டாம். சீட்டின் நகலிலும் பெயரை மறைத்துவிடலாம். தண்ணீர்தான் காரணம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிப்பவரே புரிந்துகொள்வார்.

“பலமுறை சொல்லியும்” என்பதும் இப்படித்தான். எப்போது, யாரிடம், எவ்வாறு? “16.6.2025 திங்கட்கிழமை தங்கள் அலுவலகத்தில் நேரில் தெரிவித்தோம்” என்பது ஒரே ஒரு முறைதான். ஆனால் அதை மறுக்க முடியாது. சொன்னது யாரிடம் என்பதற்குப் பதவிப் பெயர் போதும்.

கடைசியாகக் கோரிக்கை. “ஆவண செய்யவும்” என்பதில் முதலில் எழுத்துப் பிழை. ஆவணம் என்றால் பத்திரம். “ஆவன” என்று திருத்தினாலும் குறை தீராது. ஆக வேண்டியவை எவை என்று சொல்லாத வாக்கியத்தை எது செய்தாலும் நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டலாம். செய்து முடித்ததும் கண்ணால் சரிபார்க்கத்தக்கவற்றைக் கேளுங்கள்: குழாயைச் சோதித்துப் பழுது நீக்குவது, தெருக்கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் அளவைப் பார்ப்பது, சரியாகும் வரை வேறு வழியில் குடிநீர் தருவது. குழாய் வழியே வரும் குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. சோதிக்கக் கேட்டால், கிடைக்கும் பதிலும் ஓர் எண்ணாக இருக்கும். “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்ற ஒற்றை வரியில் முடியாது.

மூன்றாம் வாசிப்பு: முடிப்பு

“ஊர்ப் பொதுமக்கள்” என்று முடியும் மனுவுக்குப் பதில் அனுப்ப முகவரி கிடையாது. கூட்டு மனுவாக இருந்தாலும் ஒருவர் அனுப்புநராக நிற்க வேண்டும். அவருடைய பெயர், கதவு எண், தெரு, அஞ்சல் குறியீட்டு எண், கைப்பேசி எண் ஆகியவை மேலே இருக்க வேண்டும். கீழே கையொப்பமிடுபவரும் அவராகவே இருக்க வேண்டும். மேலே ஒரு பெயரும் கீழே வேறொரு கையொப்பமும் இருக்கும் மனுக்கள் உண்டு. எழுதிக் கொடுத்தவர் ஒருவர், ஒப்பமிட்டவர் இன்னொருவர். கைப்பேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். ஓர் இலக்கம் தவறினாலும் களப்பணியாளர் அழைப்பது வேறு யாரையோ. ஆதார் அட்டை நகலை வழக்கமாக இணைத்துவிடுகிறார்கள். குழாய்ப் பழுதுக்கு அது தேவையில்லை.

முடிப்பு வாக்கியம் ஒன்று போதும்: “விரைந்து நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.” அதன் கீழே “இப்படிக்கு” என்றோ, “தங்கள் உண்மையுள்ள” என்றோ எழுதலாம். இடப்பக்கம் இடமும் நாளும். நாள் என்பது மனு எழுதிய நாள். கொடுப்பது தள்ளிப்போனால் நாளையும் மாற்ற வேண்டும். கையொப்பமிடத் தெரியாதவர் இடது பெருவிரல் ரேகை வைக்கலாம். அதன் அருகில் அவர் பெயரையும், ரேகை வைத்ததைப் பார்த்த ஒருவரின் பெயரையும் கையொப்பத்தையும் சேர்ப்பது முறை.

மற்றவர்கள் கையொப்பமிடும் தாளில் பிழை அதிகம் நேரும். வெறும் தாளில் கையொப்பங்களை வாங்கிப் பின்னால் தைத்தால், எதற்காக இட்டவை என்பதற்குச் சான்று இல்லை. முதல் கையொப்பங்கள் மனுவின் கடைசி வரிக்குக் கீழேயே தொடங்கட்டும். அடுத்த தாள் தேவைப்பட்டால் அதன் தலையில் பொருள் வரியையும் நாளையும் மறுபடி எழுதுங்கள். பெயர், கதவு எண், கையொப்பம் என்று மூன்று கட்டம் போடுங்கள்.

அதற்கும் கீழே “இணைப்பு”. உள்ளே வைத்ததும் பட்டியலில் எழுதியதும் எண்ணிக்கையில் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். “நகல்” என்று போட்டு மாவட்ட ஆட்சியர் முதல் முதலமைச்சர் வரை அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும் மனு உரிய அலுவலகத்துக்கே நடவடிக்கைக்கு அனுப்பப்படும். அங்கே அதைப் படிப்பவரும் அதே எழுத்தர்தான். முதலில் இங்கே தெளிவாகக் கொடுத்துவிட்டு, பதில் வராதபோது மேலே போவது நல்லது.

திருத்திய வடிவம்

அனுப்புநர்:
(பெயர்), 12, பிள்ளையார் கோயில் தெரு, 7-வது வார்டு, (ஊர், அஞ்சல் குறியீட்டு எண், கைப்பேசி எண்)
குடிநீர் இணைப்பு எண்: (எண்)

பெறுநர்:
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
(பெயர்) பேரூராட்சி, (வட்டம், மாவட்டம்)

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பொருள்: 7-வது வார்டு, பிள்ளையார் கோயில் தெரு – குடிநீர்க் குழாயில் கலங்கலான, துர்நாற்றமுள்ள நீர் வருவது – பழுது நீக்கக் கோருதல்.

வணக்கம். எங்கள் தெருவில் கதவு எண் 9 முதல் 16 வரையுள்ள 8 வீடுகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் குடிநீர் வருகிறது. 9.6.2025 திங்கட்கிழமை முதல் 29.6.2025 ஞாயிற்றுக்கிழமை வரை தண்ணீர் வந்த 11 முறையும், முதல் பத்து நிமிடம் கலங்கலாகவும் கழிவுநீர் நாற்றத்துடனும் வந்தது. 13-ஆம் எண் வீட்டருகே குழாய் கழிவுநீர்க் கால்வாயைக் கடந்து செல்கிறது. அங்கே கசிவு இருக்கலாம் என்று கருதுகிறோம்.

24.6.2025 முதல் 27.6.2025 வரை கதவு எண் 10, 12, 15 ஆகிய வீடுகளில் மூவர் வயிற்றுப்போக்குக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை பெற்றனர். இக்குறையை 16.6.2025 திங்கட்கிழமை தங்கள் அலுவலகத்தில் நேரில் தெரிவித்தோம்.

எனவே, குழாயைச் சோதித்துப் பழுது நீக்கவும், 16-ஆம் எண் வீட்டுக் குழாயில் குளோரின் அளவைச் சோதித்துத் தெரிவிக்கவும், அதுவரை லாரி மூலம் குடிநீர் வழங்கவும் விரைந்து நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர்)

இடம்: (ஊர்)
நாள்: 30.6.2025

இணைப்பு: 1. வெளிநோயாளர் சீட்டு நகல் – 3. 2. 13-ஆம் எண் வீட்டருகே எடுத்த புகைப்படம் – 1.

முதல் வரைவில் இருந்த கோபம் இதில் இல்லை. ஆனால் அதைவிட இது அழுத்தமானது. ஒவ்வொரு வரியையும் நேரில் போய்ப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லிவிட முடியும். அதனால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது.

கையொப்பமிடும் முன் இன்னொன்று செய்யுங்கள். அந்தத் தெருவில் குடியிராத ஒருவரிடம் மனுவைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எங்கே போக வேண்டும், அங்கே என்ன இருக்கும், என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில்தான் எழுத்தரும் தடுமாறுவார். எழுதியவர் கண்ணுக்கு அந்த இடம் தெரியாது, ஏனென்றால் விடுபட்டதை அவர் மனம் தானாகவே நிரப்பிக்கொள்ளும்.

மனுவை இரண்டு படி எடுத்துச் சென்று, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிவையுங்கள். மனுவுக்கு 3 நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்று 2015-இல் தமிழக அரசு பிறப்பித்த அரசாணை எண் 99 சொல்கிறது. இதை முதல் மனுவில் எழுதி மிரட்ட வேண்டியதில்லை. ஒரு மாதம் கடந்தும் பதில் இல்லையென்றால் நினைவூட்டு மனு எழுதுங்கள். அதில் பொருள் வரிக்குக் கீழே “பார்வை” என்று ஒரு வரி சேரும்: “எங்கள் மனு, நாள் 30.6.2025.” அலுவலகம் ந.க. எண் கொடுத்திருந்தால் அதுவும் அங்கே வர வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுவின் நிலையைக் கேட்பதானாலும் இந்த நாளும் எண்ணும்தான் ஆதாரம். முதல் மனுவில் நாளும் இடமும் பெயரும் சரியாக இருந்தால் இரண்டாவது மனுவை நான்கே வரிகளில் எழுதிவிடலாம்.